ஒரு கிலோவாட் சோலாரில் இண்டக்‌ஷன் சமையல்: உண்மை விளக்கம்

"மாடியில் ஒரு கிலோவாட் பேனல் போட்டால், கரண்ட் போனாலும் மூன்று வேளையும் இண்டக்‌ஷனில் சமைக்கலாம்."

இதில் பாதிதான் சரி. பெங்களூரில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தருகிறது. அல்சூரில் நால்வர் உள்ள வீட்டின் சமையலுக்குச் சுமார் 2 முதல் 3 யூனிட் போதும். மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் இணைப்புடன் நெட் மீட்டர் இருந்தால், பகலில் வெளியே அனுப்பியது இரவுச் சமையலுக்குக் கணக்கில் ஈடாகும்.

ஆனால் பேட்டரி இல்லாத அந்த அமைப்பு, கம்பியில் வேலை செய்யும் லைன்மேனின் பாதுகாப்புக்காக, கரண்ட் போனதும் வெயில் அடித்தாலும் தானாக நின்றுவிடும். அப்போதும் சமைக்க வேண்டுமெனில், அடுப்பின் உச்ச வாட்டைப் பார்த்தே இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் அளவிட வேண்டும். 2000 வாட் அடுப்புக்கு 3 கேவிஏ இன்வெர்ட்டரும், 48 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் பொருந்தும். இரவுச் சமையலுக்கு ஒரு யூனிட் போனாலும் பேட்டரியில் பெரும்பகுதி மிஞ்சும். இரண்டு ஈய-அமில பேட்டரிகள் கொண்ட 24 வோல்ட் அமைப்பில் அதே அடுப்பு 90 ஆம்பியர் அளவுக்கு இழுப்பதால், பேட்டரி நிறைந்திருந்தும் வோல்டேஜ் சரிந்து இன்வெர்ட்டர் அலறி நிற்கக்கூடும். சூட்டைக் குறைத்து வைப்பதும் எப்போதும் உதவாது, ஏனெனில் பல அடுப்புகள் குறைந்த நிலையில் அதிக வாட்டையே விட்டுவிட்டு இழுக்கின்றன.