வீட்டில் ஆளுக்கொரு சட்டம் இருக்கலாம், அழுதால் மாறும் தீர்ப்புதான் ஆகாது

கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கொரு விதி இருப்பதால்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாத்தாவிடம் கதை கேட்கலாம், அப்பாவிடம் அது நடக்காது என்பதை மூன்று வயதுப் பிள்ளை எளிதாகவே புரிந்துகொள்ளும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவர் சொன்ன "கூடாது" என்பது, பிள்ளை அழுததும் இன்னொருவரால் "சரி" ஆகிறது.

நான்கு வயதுப் பிள்ளை, சாப்பிடும்போது போன் கேட்கிறது. அம்மா மறுக்கிறார். பத்து நிமிட அழுகைக்குப் பிறகு பாட்டி, "பச்சைப் பிள்ளையை ஏன் அழ விடுறே?" என்று போனைக் கையில் கொடுக்கிறார். தினமும் இப்படி நடப்பதில்லை, எப்போதாவதுதான். அந்த 'எப்போதாவது'தான் பழக்கத்தை இறுக்கிக் கட்டுகிறது. சில நேரம் மட்டும் பலன் தரும் செயலை விடுவது மிகக் கடினம் என்பது நடத்தை உளவியலில் பழைய பாடம். இன்று பத்து நிமிடம் போதாவிட்டால், நாளை இருபது நிமிடம் அழுது பார்ப்பதுதானே பிள்ளைக்குப் புத்திசாலித்தனம்?

இதற்கு எல்லோரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டியதில்லை, அது நடக்கவும் நடக்காது. முதலில் யார் பதில் சொன்னாரோ அந்தப் பதிலே அன்றைக்கு நிற்கும் என்ற ஒரே ஒப்பந்தம் போதும். பிள்ளை பாட்டியிடம் ஓடிவந்தால் அவர் கேட்க வேண்டியது, "அம்மா என்ன சொன்னாங்க?" என்பது மட்டும்தான். அம்மா சொன்னது தவறாகப் பட்டால், பிள்ளை தூங்கிய பிறகு பேசி, நாளையிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். திரை நேரத்தைப் பற்றி வாக்குவாதம் என்றால் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவை வைத்துப் பேசலாம்: இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். "நான் சொல்கிறேன்" என்பதைவிட அது வீட்டில் எளிதாக எடுபடும்.

பெரும்பாலான வீடுகள் தோற்பது ஒப்பந்தம் போட்ட முதல் சில நாட்களில். வழக்கமான அழுகை பலிக்காததால் பிள்ளை இன்னும் கத்தும், தட்டைத் தள்ளும். "பார்த்தியா, முன்னைவிட மோசமாயிடுச்சு" என்று மூன்றாம் நாள் யாராவது இறங்கிவந்தால், உரக்கக் கத்தினால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்தாயிற்று. அழுகை முதலில் கூடிவிட்டுப் பிறகு குறையலாம் என்பதைத் தொடங்கும் முன்பே பாட்டிக்குச் சொல்லிவிட வேண்டும். கூடவே, அந்த நேரத்தில் செய்ய அவருக்கு ஏதாவது வேலையும் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லட்டும், மடியில் வைத்துக்கொள்ளட்டும். போனைத் தவிர எல்லாம் கொடுக்கலாம்.

மருந்து விஷயத்தில் மட்டும் இந்த ஒப்பந்தம் போதாது. காய்ச்சல் மருந்தை அம்மா ஒரு முறை, அத்தை ஒரு முறை என்று தெரியாமல் இரட்டிப்பாகக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. கொடுத்த நேரத்தையும் அளவையும் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இதையெல்லாம் பாட்டியிடம் யார் பேசுவது? அவர் பெற்ற பிள்ளைதான். மருமகள் சொன்னால் அது குற்றச்சாட்டாகவே காதில் விழும். மகன் ஒதுங்கிக்கொண்டு மனைவியை முன்னே தள்ளும் வீடுகளில் எந்த ஒப்பந்தமும் ஒரு வாரம் தாண்டாது.