செக்கா, மாவா: ஒரு துண்டுத்தாளில் முடிந்த மூன்று மாத வாக்குவாதம்

ஆளுக்கு 6 லட்சம் போட்டுத் தொழில் தொடங்க நானும் நண்பனும் முடிவு செய்தோம். அவனுக்கு மரச்செக்கு எண்ணெய், எனக்கு இட்லி மாவு. கணக்குப் போட்டால் இரண்டிலும் லாபம் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. ஆனாலும் மூன்று மாதம் வாதாடினோம்.

ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு எத்தனை கிலோ பருப்பு வேண்டும் என்று சண்டை வந்தால் செக்குக்காரரிடம் கேட்டுத் தீர்க்கலாம். சுமார் இரண்டரைக் கிலோ என்பார். எங்கள் சண்டை அப்படிப்பட்டதல்ல. அதிகாலையில் எழுந்து மாவு அரைக்க அவனுக்குப் பிடிக்கவில்லை. கடலையை மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கிவிட்டு விலை இறங்குமோ என்று காத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்தத்தை எந்த வாதத்தாலும் மாற்ற முடியாது. அதற்கு விலை வைக்கத்தான் முடியும்.

போலந்துக் கணிதவியலாளர் குனாஸ்டர் 1940களில் சொன்ன மூடிய ஏல முறையைத் தழுவி ஒரு வழி செய்தோம். 'என் யோசனையே நடக்க வேண்டுமானால், 100 ரூபாய் லாபத்தில் என் பங்கான 50 ரூபாயிலிருந்து எவ்வளவு விட்டுக்கொடுப்பேன்?' என்று ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதினோம். நான் 4 என்று எழுதினேன், அவன் 10 என்று எழுதியிருந்தான். கூடுதலாக எழுதியவன் யோசனையே நடக்கும், எனவே செக்கு. இரண்டுக்கும் நடுவில் உள்ள 7 ரூபாயை அவன் எனக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அவனுக்கு 43, எனக்கு 57.

அவன் 40 வரை இறங்கத் தயாராக இருந்தான். எனக்கு 54 கிடைத்தாலே மாவை விட்டுவிடச் சம்மதம். ஆகவே இருவருக்கும் நினைத்ததைவிட 3 ரூபாய் கூடுதல்.

அவனுடைய ஆசை தெரிந்தே நான் 9 என்று கூட்டி எழுதியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அவன் 8 என்று எழுதியிருந்தால்? எனக்கு 4 ரூபாய் மட்டுமே பெறுமானமான மாவுத் தொழிலுக்கு எட்டரை ரூபாய் இழந்திருப்பேன். பொய்யாக எழுதுவதற்கு இந்தப் பயம் கடிவாளம். முழுத் தடை அல்ல. கூட்டாளியின் எண்ணைச் சரியாக ஊகிப்பவன் கொஞ்சம் லாபம் பார்த்துவிடுவான். அதனால் எண்ணைப் பற்றி முன்கூட்டியே பேசவே கூடாது.

ரொக்கமாகவும் ஏலம் கேட்காதீர்கள். கையில் காசுள்ளவரே ஒவ்வொரு முறையும் வெல்வார். லாபப் பங்கில் கேட்டால் இருவரும் சமம்.

முடிவானதும் கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபம் சரிபாதிதான். எங்கள் பத்திரத்தில் 43, 57 என்பது மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். அதன் பின் சரிபாதி. அதற்குள் கடலை மூட்டைகள் எனக்கும் பழகிவிடும் என்பது அவன் நம்பிக்கை.