சாக்லேட் என்று நினைத்துக் கருப்பட்டி வாங்குகிறவர்கள்

தக்கலைப் பக்கம் சிறியதாக ஓர் ஐஸ்கிரீம் கடை நடத்தும் நண்பர் இந்தக் கோடைக்கு வருக்கைச் சக்கை என்னும் பலாப்பழம், நுங்கு, கருப்பட்டி என்று மூன்று புதிய சுவைகளை இறக்குகிறார். சமூக ஊடகத்தில் பதிவிடுவதற்காக அவற்றின் படத்தையும் அதன் மேல் போடுவதற்கு எழுதிய வரிகளையும் எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார். “கொளுத்தும் வெயிலுக்குக் குளுகுளு விருந்து! புதிய சுவைகள் அறிமுகம்! இன்றே வாருங்கள்!” என்பவை அவ்வரிகள். இவற்றை மோர்க் கடைக்கும் ஒட்டலாம், ஏசி விற்பவருக்கும் ஒட்டலாம் என்பதே என் குறை.

படம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதில் தெரிவதெல்லாம் வெளிர்மஞ்சள், வெள்ளை, பழுப்பு ஆகிய மூன்று உருண்டைகள்தாம். மஞ்சளை மாம்பழம் என்றும், வெள்ளையை வெனிலா என்றும், பழுப்பைச் சாக்லேட் என்றும் எடுத்துக்கொள்வதுதான் கண்ணின் பழக்கம். சாக்லேட் என்று நம்பி வந்த குழந்தை கருப்பட்டியை ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தால், குற்றம் கருப்பட்டியுடையது அன்று. ஆகவே படம் சொல்லாததைச் சொல்வதுதான் வரிகளின் வேலை என்று நினைக்கிறேன். நாவில் நீர் ஊறச் செய்வதைப் படமே பார்த்துக்கொள்ளும்.

முதல் வரியிலேயே மூன்று பெயர்களும் இடமிருந்து வலமாக வந்துவிட வேண்டும். கைபேசித் திரையில் நீண்ட பதிவின் தொடக்க வரிகள் மட்டுமே தெரியும், மீதி மடிந்துகொள்ளும். அந்தத் தொடக்கத்தை “குளுகுளு விருந்து” தின்றுவிட்டால் சக்கை என்ற சொல்லையே பலர் காணமாட்டார்கள். இங்கே ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. முன்பக்கக் கேமராவில் எடுத்த படம் சில கைபேசிகளில் இடவலம் மாறிப் பதிவாகும். வரிசையை எழுதுமுன் கிண்ணத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து எழுதுவது நல்லது.

அடுத்தது நிறம். வருக்கைச் சுளையை அரைத்துப் பாலுடன் சேர்த்தால் கிடைப்பது மங்கலான மஞ்சள்தான். நண்பர் அனுப்பிய இரண்டாவது படத்தில் ஃபில்டர் போட்டு அதைச் செம்மஞ்சளாக்கியிருந்தார். அதைப் பார்ப்பவர் பளிச்சென்ற பழத்தை நினைக்கமாட்டார், சாயப்பொடியைத்தான் நினைப்பார். மங்கலான படத்தையே போட்டு, “நிறம் சேர்க்கவில்லை” என்று எழுதினால் அந்த மங்கலே சாட்சியாகிவிடும். ஆனால் எசன்ஸ் ஒரு சொட்டு விட்டிருந்தாலும் “சுளை மட்டும்” என்று எழுதக் கூடாது.

நுங்கைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நுங்கில் பெரும்பகுதி தண்ணீர். அதன் துண்டுகளைக் கலவையோடு சேர்த்து உறைய வைத்தால் பல்லில் இடிபடும் பனிக்கட்டியாகிவிடும். அதனால் நண்பர் விழுதை மட்டும் கலவையில் சேர்க்கிறார். துண்டுகளைப் பரிமாறும்போது மேலே வைக்கிறார். படத்தில் பளபளப்பது அந்தத் துண்டுகள்தாம். பொட்டலமாக வீட்டுக்கு எடுத்துச் செல்பவருக்கு இத்துண்டுகள் கிடைக்காது என்பதை வரிகளில் சொல்லிவிட்டால், வீட்டில் மூடியைத் திறந்து பார்த்துக் கோபப்பட யாரும் இருக்கமாட்டார்கள். நுங்கு முற்றினால் ஆகாது. அன்றன்று வெட்டி வருவதைப் பொறுத்தே அளவு அமையும். இதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

பெயரிலும் கவனம் தேவை. சாதாரணமாக ‘ஐஸ்கிரீம்’ என்று விற்கும் பண்டத்தில் குறைந்தது 10 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. பால்கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்தால் அது ‘ஃப்ரோசன் டெசர்ட்’ ஆகிவிடும். நண்பர் பாலும் கிரீமும்தான் வாங்குகிறார், எனவே அந்த 10 சதவீதம் இருக்கும்வரை ‘ஐஸ்கிரீம்’ என்ற சொல்லை அவர் தயங்காமல் எழுதலாம். தாவரக் கொழுப்பு சேர்ப்பவர்கள் அதே சொல்லைப் பதிவில் எழுதுவதை நான் ஏற்கவில்லை.

இவ்வளவையும் வைத்து நான் எழுதிக் கொடுத்தது இது:

“இடமிருந்து வலம்: வருக்கைச் சக்கை, நுங்கு, கருப்பட்டி. இன்று முதல் நம் கடையில். பழுப்பாக இருப்பது சாக்லேட் அல்ல, பனங்கருப்பட்டி. சுக்கு மணமும் உண்டு. சக்கையில் சுளையும் பாலும் கிரீமும் சர்க்கரையும்தான், நிறம் சேர்க்கவில்லை. நுங்குத் துண்டுகள் கடையில் சாப்பிடுவோருக்கு மட்டும். நுங்கு தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு ஸ்கூப் 60 ரூபாய். மூன்றிலும் பால் உண்டு, கருப்பட்டியில் முந்திரியும் உண்டு. மாலை 3 மணி முதல் இரவு 10 மணி வரை.”

விலையைப் போட வேண்டுமா என்று அவர் தயங்கினார். போடாவிட்டால் பதிவின் கீழே முதல் கேள்வியாக அதுதான் வரும். “இன்பாக்ஸ் பார்க்கவும்” என்று பதில் எழுதும் கடைக்கு நான் போவதில்லை. முந்திரி வரியை நீக்கலாமா என்றும் கேட்டார். முந்திரி ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள், அரைத்துச் சேர்த்த முந்திரி படத்தில் தெரியாது, அதனால் அது இருக்கட்டும் என்றேன். மழை பிடித்து நுங்கு வரத்து நின்றதும் பதிவின் முதல் வரியிலேயே “நுங்கு முடிந்தது” என்று திருத்திவிடவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். பழைய படத்தைப் பார்த்துவிட்டு ஜூலையில் குளச்சலிலிருந்து பேருந்து ஏறி வருகிறவர்கள் உண்டு.