எந்த வரியில் அர்த்தம் மாறியது?

எங்கள் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலத்தில் இருந்த ஒரு பகுதியை, பார்மசிஸ்ட்களான நாங்கள் நோயாளிக்குப் புரியும் தமிழில் எழுதிச் சேர்த்தோம். அந்த விவகாரத்தில் நான் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை இன்பாக்ஸில் இன்னும் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "நோயாளிக்குப் புரிய வைக்கிறேன் என்று மருத்துவ அர்த்தத்தையே கெடுத்து வைத்திருக்கிறார்கள், பார்மசிஸ்ட் எல்லாம் டாக்டர் ஆனால் இப்படித்தான்" என்று ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார். கீழே வரிசையாகக் கைதட்டல். எந்த வரியில் அர்த்தம் கெட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். எந்த வரி?

இதயம் பலவீனமாகி, உடம்பில் நீர் கோத்து, வார்டில் படுத்து எழுந்து வீட்டுக்குப் போகும் நோயாளிக்கான பகுதி அது. முன்பு இருந்தது முழுக்க ஆங்கிலத்தில், கேபிடல் எழுத்தில். சால்ட் அண்ட் ஃப்ளூயிட் ரெஸ்ட்ரிக்ஷன், 1.5 லிட்டர். டெய்லி வெயிட். டேப் ஃபுரோசமைடு 40 மி.கி. 1-1-0. அவாய்ட் என்.எஸ்.ஏ.ஐ.டி. ரிவ்யூ எஸ்.ஓ.எஸ். அவ்வளவுதான். இதில்தான் அந்தப் புனிதமான மருத்துவ அர்த்தம் பத்திரமாக இருந்ததாம்.

சரி, மாற்றியதைப் பார்ப்போம். மாத்திரை பெயர், 40 மி.கி., 1-1-0 மூன்றையும் தொடவே இல்லை. பக்கத்தில் "காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு வேண்டாம்" என்று சேர்த்தோம். அது சிறுநீரை அதிகமாகப் பிரிக்கும் மாத்திரை. மதியம் மறந்துபோய் இரவில் போட்டுக்கொண்டால் விடியவிடிய பாத்ரூமுக்கு நடக்க வேண்டியதுதான். வயதானவர் இருட்டில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டும் வருவார்.

1.5 லிட்டரும் அப்படியே இருக்கிறது. கூடவே, தண்ணீர் மட்டும் இல்லை, காபி, டீ, மோர், ரசம், கஞ்சி எல்லாம் சேர்த்துத்தான் 1.5 லிட்டர் என்று எழுதினோம். காலையில் ஒன்றரை லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்துக்கொள்ளச் சொன்னோம். தண்ணீர் குடிப்பது அதிலிருந்துதான். ஒரு டம்ளர் காபி குடித்தால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. இதில் எந்தச் சொட்டு மருத்துவ அர்த்தம் சிந்தியது?

"டெய்லி வெயிட்" இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்த வரி. எடை பார்த்து? பார்த்துவிட்டு என்ன செய்வது? அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நாங்களாக எதையும் இட்டுக்கட்டவில்லை. இதய மருத்துவரிடம் போய்க் கேட்டோம். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே மெஷினில் பார்க்க வேண்டும், மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் போன் செய்ய வேண்டும் என்றார். எழுதினோம். படுத்தால் மூச்சு முட்டினால் மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்காமல் உடனே 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றார். அதையும் எழுதினோம். "ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்." என்றால் தேவைப்பட்டால் வா என்று அர்த்தம். எது தேவை என்பது டாக்டர் மனதுக்குள் இருந்தது, தாளில் இல்லை. தாளில் இல்லாத அர்த்தத்தை நாங்கள் எப்படி ஐயா கெடுக்க முடியும்?

எளிமையாக எழுதப்போய் அர்த்தம் மாறவே மாறாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே மாறும். "அவாய்ட் என்.எஸ்.ஏ.ஐ.டி." என்பதை "வலி மாத்திரை சாப்பிடக் கூடாது" என்று எழுதிய தாளை வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் என்.எஸ்.ஏ.ஐ.டி. என்கிற டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள்தான் உடம்பில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பதால் இவர்களுக்கு ஆகாது. பாராசிட்டமால் அந்த வகை கிடையாது. அப்புறம் ஆஸ்பிரின் 75. ஸ்டென்ட் வைத்தவர் தினமும் போடும் மாத்திரை அது. ஆஸ்பிரினும் வலி மாத்திரைதான் என்று பக்கத்து வீட்டுக்காரர் யாராவது சொல்லி, இவர் நிறுத்திவிட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையலாம். அதனால் நாங்கள் எழுதியது இப்படி: "டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். காய்ச்சலோ வலியோ வந்தால் என்ன போடலாம் என்று எங்களைக் கேளுங்கள். டாக்டர் எழுதிய ஆஸ்பிரின் 75-ஐ நிறுத்தாதீர்கள்." பழைய வரியைவிட இது நீளம்தான். எளிமை என்றால் குட்டையாக எழுதுவது என்று யார் சொன்னார்கள்?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று கேட்பவர்களுக்கு எங்கள் பெரியப்பா கதை. அவருக்கும் இதே வியாதி, வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. "சால்ட் ரெஸ்ட்ரிக்டட் டயட்" என்று தாளில் இருந்தது. யாரோ உப்பைக் குறைக்கணும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பெரியம்மா குழம்பில் உப்பே போடவில்லை. சப்பென்று இருந்த சோற்றை உள்ளே தள்ள அவர் நாரத்தங்காய் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தொட்டுக்கொண்டார். கால் வீங்கி, செருப்பு போட முடியாமல் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, "சொன்னதைக் கேட்க மாட்டீங்களா?" என்று திட்டு வேறு. "நாங்க உப்பே போடலையே" என்று பெரியம்மா அழுததை நான் மறக்க மாட்டேன். எங்கள் தாளில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம் என்று பெயர் சொல்லி எழுதியிருப்பது அதனால்தான். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பையும் கேட்காமல் வாங்காதீர்கள் என்று எழுதியிருக்கிறோம். அதில் சோடியத்தில் ஒரு பங்குக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். இந்த நோயாளிகள் போடும் சில மாத்திரைகளோடு அது சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடலாம்.

"சட்டப் பிரச்சினை வரும்" என்கிறார்கள். ஆங்கிலப் பகுதி அதே தாளில் மேலே அப்படியே இருக்கிறது, அதை யாரும் அழிக்கவில்லை. "யாருக்கு நேரம் இருக்கிறது?" என்கிறார்கள். திரும்ப அட்மிட் செய்ய மட்டும் நேரம் இருக்கிறதாக்கும். "யார் சரிபார்த்தது?" என்பது மட்டும் நல்ல கேள்வி. மூலத்தைப் பார்க்காத இன்னொரு பார்மசிஸ்டிடம் தமிழ்ப் பகுதியை மட்டும் கொடுத்து, இதிலிருந்து டாக்டர் ஆர்டரை ஆங்கிலத்தில் எழுது என்றோம். அவர் எழுதியதை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டோம். எண், வேளை, "உடனே", "கூடாது" எதுவும் நழுவவில்லை. இதய மருத்துவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு நோயாளிகளிடம் கொடுத்து, படித்துவிட்டு உங்கள் வாயால் சொல்லுங்கள் என்று கேட்டோம். ஓர் அம்மா பாட்டில் கணக்கை எனக்கே பாடம் எடுத்தார்.

இவ்வளவையும் செய்தது டாக்டராக இருந்திருந்தால் அந்தப் பதிவு வந்திருக்குமா? வந்திருக்காது. "அருமையான முயற்சி சார்" என்று பூங்கொத்து வந்திருக்கும். பேனாவைப் பிடித்தது யார் என்பதுதான் இங்கே உறுத்துகிறது, எழுதியது என்ன என்பது இல்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று, "இதுல என்ன போட்டிருக்கு கண்ணு?" என்ற கேள்விக்கு நாள் முழுக்க பதில் சொல்பவர்கள் நாங்கள். எழுதியவருக்குப் புரிந்தால் போதும் என்றால் அந்தத் தாளை நோயாளி கையில் ஏன் கொடுக்கிறீர்கள்? ஃபைலிலேயே வைத்துக்கொள்ளுங்களேன்.

இரண்டு பகுதிகளும் முதல் கமென்ட்டில் இருக்கின்றன. அர்த்தம் மாறிய வரி எது என்று காட்டினால் இன்றைக்கே திருத்திவிட்டு, பழையபடி இதய மருத்துவரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோகிறேன். என் படிப்பைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், சர்டிஃபிகேட்டை ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.