உப்பு விலை ஏறினால் சாம்பாரில் உப்பு குறையுமா?

ஒரு பொருளின் விலை ஏறும்போது அதன் விற்பனை எவ்வளவு குறைகிறது என்பதைத்தான் பொருளியலில் ‘தேவை நெகிழ்ச்சி’ என்கிறார்கள். நெகிழ்ச்சி குறைந்த பொருளுக்கு உதாரணமாக உப்பைச் சொல்லிவிட்டு, அது அத்தியாவசியப் பொருள் என்ற ஒற்றைக் காரணத்தோடு நிறுத்திக்கொள்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அரிசியும் அத்தியாவசியம்தான், ஆனால் பொன்னி அரிசி விலை ஏறினால் மட்டரகத்துக்கோ ரேஷன் அரிசிக்கோ, ஒருவேளைக்குக் கோதுமைக்கோ மாறிவிடுகிறோம். உப்புக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது. அதைவிட முக்கியமாக, நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய ஒரு கிலோ உப்பு போதும் என்பதால், கிலோ 20 ரூபாயிலிருந்து 25 ரூபாய்க்கு உயர்ந்தாலும் மாதச் செலவில் கூடுவது ஐந்தே ரூபாய். குழம்பில் எத்தனை சிட்டிகை போடுவது என்பதை நாக்குதான் தீர்மானிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் மாதம் 100 பாக்கெட் விற்ற இடத்தில், 25 விழுக்காடு விலையேற்றத்துக்குப் பிறகு 98 பாக்கெட் விற்றது என வைத்துக்கொள்வோம். இரண்டு விழுக்காட்டை இருபத்தைந்தால் வகுத்தால் நெகிழ்ச்சி 0.08. வரவோ 2,000 ரூபாயிலிருந்து 2,450 ஆகிறது. இதைப் பார்த்து அந்த ஊரின் ஒரு கடைக்காரர் மட்டும் தம் விலையை ஏற்றினால் கதை கந்தலாகிவிடும். அடுத்த கடையில் அதே உப்பு பழைய விலைக்குக் கிடைக்கும்போது அவரிடம் யார் வாங்குவார்கள்? நெகிழ்ச்சி குறைவு என்பது உப்பு என்னும் பண்டத்துக்குப் பொருந்துமே தவிர, தனியொரு கடைக்கோ நிறுவனத்துக்கோ பொருந்தாது. இந்த வேறுபாட்டைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்.

அடுத்த கடை என்ற ஒன்றே இல்லாதபடி எல்லா உப்பின் விலையையும் ஒருசேர ஏற்றக்கூடியது அரசு மட்டுமே. 1923-இல் ஆங்கில அரசு உப்பு வரியை மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக, அதாவது ஒரே அடியாக இரு மடங்காக உயர்த்தியது. சட்டசபை மறுத்தும் வைஸ்ராய் ரீடிங் தம் தனியதிகாரத்தால் அதை நிறைவேற்றினார், எதிர்ப்பு வலுக்கவே மறு ஆண்டு பழைய அளவுக்கே இறக்கினார்கள். வாங்குபவர் அளவைக் குறைத்துக்கொள்ள முடியாத பொருளின் மீது போடும் வரி, ஏறக்குறைய முழுவதும் அவர் தலையில்தான் விழும். கூலிக்காரரும் மிராசுதாரரும் தின்னும் உப்பில் பெரிய வேறுபாடு இல்லாததால் இருவரும் ஏறத்தாழ ஒரே தொகையைக் கட்டினார்கள், கூலிக்காரரின் வருமானத்தில் அது எவ்வளவு பெரிய பங்கு என்பதுதான் வேறுபட்டது.

இந்த நெகிழ்ச்சி எல்லா உப்புக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருவாடு போடுபவருக்கு உப்பு சிட்டிகைக் கணக்கல்ல, மூட்டைக் கணக்கு. விலை ஏறினால் அவர் உப்பைக் குறைக்கிறாரோ இல்லையோ, எவ்வளவு மீனைக் கருவாடாக்குவது, எவ்வளவைப் பச்சையாகவே விற்றுவிடுவது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்.