பக்கத்துக் கடைக்கும் பொருந்துகிற முதல் வரி

மொத்தமாக வியாபாரச் செய்தி அனுப்புகிறவர்கள் இப்போதெல்லாம் முதல் வரியில் பெயரைச் சேர்த்துவிடுகிறார்கள். "வணக்கம் குமார் சார், உங்கள் நிறுவனத்தின் வளர்ச்சி எங்களை வியக்க வைக்கிறது." குமாரை எடுத்துவிட்டு ரவியைப் போட்டாலும் அந்த வரிக்கு ஒன்றும் ஆகாது. படிக்கிறவருக்கும் அது தெரியும், அங்கேயே விரல் அடுத்த செய்திக்குப் போய்விடும். பெயரே இல்லாவிட்டாலும் அவருக்கு மட்டும்தான் எழுதப்பட்டது என்று தெரிகிற வரி வேண்டும் என்பது என் கட்சி.

தண்டையார்பேட்டையில் துணிப்பை தைக்கிற சின்ன யூனிட் வைத்திருக்கும் என் மச்சானுக்கு வாட்ஸ்அப் செய்திகளை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்ததிலிருந்து இந்தத் தொழிலில் போட்டி அதிகம். அவன் குறிவைப்பது பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகள். நம்பர்களை எங்கேயோ விலைக்கு வாங்கவில்லை. யூனிட்டில் இருக்கும் ஒரு பையன் கடை கடையாகப் போய், "வாட்ஸ்அப்பில் மாடல் அனுப்பட்டுமா?" என்று கேட்டு விசிட்டிங் கார்டு வாங்கிவருவான். சரி என்றவர்களுக்கு மட்டும்தான் அனுப்புகிறோம். கேட்காமல் அனுப்பினால் நாலு பேர் ரிப்போர்ட் அடிப்பார்கள், நம்பரே முடங்கிப்போகும்.

அந்தப் பையனிடம் நான் கேட்டது ஒன்றுதான். கடைக்குள் நிற்கிற அந்த ஐந்து நிமிடத்தில் பை சம்பந்தமாக என்ன பார்த்தாயோ, அதைக் கார்டின் பின்பக்கம் எழுதி வா. கடை அழகாக இருந்தது, கூட்டம் நிறைய என்பதெல்லாம் வேண்டாம். முதல் வரியின் உயிர் இந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. அது இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து வார்த்தையை எவ்வளவு மாற்றிப் போட்டாலும் அந்த "வியக்க வைக்கிறது" வாடை போகாது.

ஒரு கார்டில் இப்படி இருந்தது: "பட்டுப் புடவை, கட்டைப்பை, காது பிய்ஞ்சு ஒரு அம்மா மாத்திக் கேட்டாங்க." இதிலிருந்து நான் எழுதிய வரி: "உங்க கடையில் பட்டு எடுத்த ஒரு அம்மா, கட்டைப்பையின் காது பிய்ந்துவிட்டது என்று வேறு பை கேட்டதை எங்க பையன் பார்த்திருக்கிறான்." அடுத்த வரி: "நாங்க காது சேரும் இடத்தில் உள்ளே ஒரு துண்டுத் துணி வைத்து, குறுக்கே இரட்டைத் தையல் போடுகிறோம்." முதல் வரி இல்லாமல் இரண்டாவது வரிக்கு அங்கே வேலையே இல்லை. எனக்கு அதுதான் அளவுகோல். முதல் வரி என்ன உண்மையைச் சொன்னாலும், அதற்கும் விற்கிற பொருளுக்கும் சம்பந்தம் இல்லையென்றால் படிக்கிறவர் "சரி, அதுக்கென்ன?" என்றுதான் நினைப்பார்.

கடைகளை வரிசையாகப் போட்டு, செய்திகளை எழுதுவது ஒரு கூகுள் ஷீட்டில். எழுதி முடித்ததும் அந்த வரியை ஷீட்டில் கீழே இருக்கிற கடைக்கு அனுப்புவதாக நினைத்துப் படித்துப் பார்ப்பேன். அங்கேயும் பொருந்தினால் அந்த வரியை நீக்கிவிடுவேன்.

நூறு கடைக்கும் நூறு வகைப் பிரச்சினை இருக்காது. காது பிய்வது, பையில் கடைப் பெயர் அச்சடிக்காமல் இருப்பது, பெட்டி போட்ட துணிக்குப் பை சின்னதாக இருப்பது என்று குறிப்புகள் சில வகைக்குள் அடங்கிவிடும். அதனால் முதல் வரி ஒவ்வொரு கடைக்கும் தனி, இரண்டாவது வரி வகைக்கு ஒன்று. வேலை பாதியாகக் குறைகிறது. பேல் கட்டி லாரி ஷெட்டுக்கு அனுப்புகிற மொத்த வியாபாரிக்கு நம்ம பை தேவையே இல்லை, அவர் வரிசையையே நீக்கிவிடுவேன். குறிப்பு எழுதாமல் வந்த கார்டுக்குப் பொய்யாக எதையும் சேர்ப்பதில்லை. "எங்க பையன் உங்க கடையில் கார்டு வாங்கினான், மாடல் அனுப்பச் சொன்னீங்க" என்று உள்ளதை எழுதினால் போதும்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கிலச் செய்தியில் ஊர்ப் பெயருக்கு ஒரு கட்டம் விட்டு நிரப்பினால் வாக்கியம் உட்கார்ந்துவிடும். நம் மொழியில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டுமே. "ராயபுரம்" என்று ஷீட்டில் வைத்துக்கொண்டு பின்னால் "இல்" சேர்த்தால் "ராயபுரம்இல்" என்று வந்து நிற்கும். அதைப் பார்த்த நொடியே இது மிஷின் அனுப்பியது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அதனால் துண்டு துண்டாக நிரப்பாமல், "ராயபுரத்தில்" என்று வரும் முழு வாக்கியத்தையும் கட்டத்தில் எழுதிவிடுகிறேன். இனிஷியலும் இதே ரகம். "எஸ். முருகன்" என்ற பெயரை இடைவெளியில் வெட்டி முதல் பகுதியை எடுத்தால் "வணக்கம் எஸ்." என்றுதான் போகும். நான் பெயரையே போடுவதில்லை. பையன் கடையில் அவரை எப்படிக் கூப்பிட்டானோ அதுதான் செய்தியிலும்: அண்ணே, பாய், சார், மேடம். நினைவில்லை என்றால் வெறும் வணக்கம்.

வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் லிஸ்ட் இதற்கு உதவாது. ஒரு லிஸ்டில் 256 பேர்தான், அதிலும் நம் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும், எல்லோருக்கும் ஒரே வாசகம் வேறு. நான் அந்த ஷீட்டில் B-யில் போன், C-யில் வணக்கம், D-யில் முதல் வரி, E-யில் வகைக்கான வரி என்று வைத்து, கடைசியில் இதைப் போடுகிறேன்:

```
="https://wa.me/91"&B2&"?text="&ENCODEURL(C2&CHAR(10)&D2&" "&E2)
```

போன் நம்பர் இடைவெளி, முன்னால் சுழியம் எதுவும் இல்லாமல் 10 இலக்கமாக இருக்க வேண்டும். லிங்கைத் தொட்டால் அந்தக் கடையின் சாட் திறந்து, செய்தி எழுதப்பட்டுத் தயாராக நிற்கும். அனுப்பும் பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும். சிலருக்கு இது குறையாகத் தெரியலாம். எனக்கு அதுதான் வசதி, ஒவ்வொன்றையும் ஒருமுறை கண்ணால் பார்க்காமல் எதுவும் போகாது. "நேற்று உங்க கடைக்கு வந்தோம்" என்று எழுதி வைத்ததை ஒரு வாரம் கழித்து அனுப்பப்போவதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். (நேற்று, போன வாரம் இரண்டையும் இப்போது ஷீட்டுக்குள்ளேயே விடுவதில்லை.) லிங்குக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக நீளும் என்பதால் செய்தியைச் சுருக்கமாக வைப்பதும் நல்லது.

எம்.சி. ரோட்டில் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று. கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன, பாதிப் பேர் சொந்தக்காரர்கள். டீக்கடையில் போனை நீட்டிக் காட்டிக்கொள்வார்கள். "உங்களுக்காகவே எழுதுகிறேன்" என்ற தோரணையில் ஒரே வரி இரண்டு கடைக்குப் போயிருந்தால் அன்றோடு மானம் போச்சு. ஆகவே அடுத்தடுத்த கடைகளில் ஒரே குறை இருந்தால் மறைக்காமல் "உங்க வரிசையில் மூணு கடையில் இதே பிரச்சினை பார்த்தோம்" என்று எழுதுகிறேன்.

அதே போல, கடைக்கு வந்த எந்த வாடிக்கையாளரும் பார்க்கக்கூடியதைத் தாண்டிப் போவதில்லை. முதலாளியின் ஸ்டேட்டஸில் மகள் கல்யாணப் படம் பார்த்துவிட்டு அதற்கு வாழ்த்துச் சொல்லி ஆரம்பிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது நெருக்கமாம். எனக்கு யாரோ வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

முதல் வரி நன்றாக அமைந்தால் வருகிற பதில் பெரும்பாலும் ஒரே சொல்தான்: "ரேட்?" அதற்குப் பதில் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. பையின் அளவு, குறைந்தபட்ச ஆர்டர், அச்சுடன் விலை, அச்சில்லாமல் விலை என்று ஒரு சின்னப் பட்டியலை முதலிலேயே தயாராக வைத்திருங்கள். விலையை முதல் செய்தியிலேயே போடலாமா என்று மச்சானுக்கும் எனக்கும் இன்னும் தீராத சண்டை. அவன் வேண்டாம் என்கிறான், நான் போடு என்கிறேன்.