கர்த்தர் என்பது பெயர் அல்ல

ஆங்கில பைபிளில் 110-ஆம் சங்கீதத்தின் முதல் வரியை எடுத்துப் பாருங்கள். ஒரே வரியில் லார்ட் என்ற சொல் இரண்டு முறை வரும். முதலாவது முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும், இரண்டாவது சாதாரணமாக இருக்கும். சிறுவயதில் இதை அச்சுப்பிழை என்றே நினைத்திருந்தேன். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதே வரி "கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி" என்று தொடங்கும். எபிரெயத்தில் பார்த்தால் இரண்டும் வேறு வேறு சொற்கள். இரண்டாவது "என் எஜமான்" என்று பொருள் தரும் சாதாரணச் சொல். முதலாவது கடவுளின் பெயர்: யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கு எழுத்து. எபிரெய வேதத்தில் 6,800 தடவைக்கு மேல் வருகிற பெயர் அது.

அர்த்தம் என்ன? யாத்திராகமம் 3:14-இல் மோசே பெயர் கேட்கும்போது "எஹ்யே அஷேர் எஹ்யே" என்று பதில் வருகிறது. பழைய தமிழில் "இருக்கிறவராக இருக்கிறேன்". எபிரெய வினைவடிவம் நம் மொழியைப் போல நிகழ்காலம், எதிர்காலம் என்று கறாராகப் பிரிக்காது, அதனால் "இருப்பவராக இருப்பேன்" என்றும் சொல்லலாம். இரண்டு வசனம் முன்னால்தான் அதே "எஹ்யே", "நான் உன்னோடே இருப்பேன்" என்ற வாக்குறுதியில் வருகிறது. அதனால் எனக்கு இந்த இரண்டாவது பொருள்தான் நெஞ்சுக்கு நெருக்கம். அடுத்த வசனத்தில் நான்கெழுத்துப் பெயர் வந்துவிடும். "இரு" என்ற அதே வினையின் படர்க்கை வடிவம், அதாவது "அவர் இருக்கிறார்" என்பது போன்றது, என்றுதான் அறிஞர்கள் பலரும் சொல்கிறார்கள். "இருக்கச் செய்கிறவர்" என்று கொள்பவர்களும் உண்டு.

சரி, பெயர் எப்படி லார்ட் ஆனது? பரிசுத்தமான பெயரை வாயால் உச்சரிக்கக் கூடாது என்று யூதர்கள் அந்த இடம் வரும்போதெல்லாம் "அதோனாய்", அதாவது ஆண்டவர், என்று வாசித்தார்கள். எபிரெயத்தில் முதலில் மெய்யெழுத்து மட்டும்தான் எழுதுவார்கள். பிற்காலத்தில் மசோரெத் அறிஞர்கள் உயிர்க்குறிகளைச் சேர்த்தபோது, இந்த நான்கு எழுத்தின் மேல் அதோனாய் என்ற சொல்லின் குறிகளைப் போட்டார்கள். இங்கே மாற்றி வாசி என்று வாசகருக்கு ஒரு ஞாபகக் குறிப்பு, அவ்வளவுதான். அது தெரியாமல் இந்த மெய்யையும் அந்த உயிரையும் சேர்த்து வாசித்ததில் பிறந்ததுதான் "யெகோவா". "யாவே" என்பது அறிஞர்கள் மீட்டெடுத்த உச்சரிப்பு, அதையும் சத்தியம் செய்து சொல்ல முடியாது.

அந்த வாசிப்புப் பழக்கம்தான் மொழிபெயர்ப்புகளிலும் தொடர்ந்தது. கிரேக்கத்தில் கூரியோஸ், லத்தீனில் தோமினுஸ், தமிழில் கர்த்தர். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, "இங்கே மூலத்தில் பெயர் இருக்கிறது" என்பதற்கு அடையாளம். 1901-இல் வந்த அமெரிக்கப் பதிப்பு எல்லா இடத்திலும் "ஜெஹோவா" என்றே போட்டது, 1952-இல் அதன் திருத்தம் மறுபடி லார்டுக்குத் திரும்பியது.

பெயரை மறைத்துவிட்டார்கள், சதி என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பயபக்தியில் வந்த வழக்கம் அது. ஆனால் "கர்த்தர்" என்பது பட்டம், மூலத்தில் இருப்பது பெயர் என்பதை ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது ஒன்றும் புதிதாக இருக்காது. வாரந்தோறும் பாடுகிற "அல்லேலூயா"வின் கடைசியில் இருக்கும் "யா", அதே பெயரின் சுருக்கம்தான்.